நனைந்ததா, நமத்ததா, ஊறியதா?

மழைக்காலத்து மாலையில் ஆரம்பிக்கிற கதைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. முதல் பத்தியிலேயே எல்லாம் ஈரமாகிவிடும். தெரு ஈரம், சட்டை ஈரம், காற்று ஈரம், கதாநாயகியின் கண்ணும் ஈரம். படிக்கிற நமக்கு மட்டும் ஒரு சொட்டு மேலே விழாது.

நான் எழுத்தாளர் இல்லை. முறுக்கு, அதிரசம், சீடை என்று பலகாரம் சுட்டு விற்கிறவள். ஆனால் கதை படிக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் காலேஜில் படிக்கிற என் அண்ணன் மகள், போட்டிக்கு எழுதிய கதையை முதலில் என்னிடம்தான் காட்டினாள். கதை நடக்கிற ஊர் எங்கள் தம்மம்பட்டியேதான். அதன் முதல் பத்தி இது:

"தம்மம்பட்டியில் அன்று மாலை நல்ல மழை. தெரு முழுக்க ஈரம். வாசலில் ஈரமான மரக்கட்டை கிடந்தது. ஈரமான சட்டையுடன் அப்பா வந்தார். திண்ணை ஈரமாக இருந்தது. ஈரக் காற்று வீசியது. தீப்பெட்டி ஈரமாகி விளக்கு ஏற்ற முடியவில்லை. எல்லோர் மனசிலும் ஒரு ஈரம்."

எட்டு வரியில் ஏழு ஈரம். அது அவளுக்கே தெரிந்திருந்தது. திருத்தி எழுதிய இன்னொரு தாளையும் கையில் வைத்திருந்தாள். அதில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று அகராதியிலிருந்து ஆளுக்கொரு சொல்லாகப் பிடித்துப் போட்டிருந்தாள். "தோய்ந்த சட்டையுடன் அப்பா வந்தார். திண்ணை கசிந்தது" என்று போனது அது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்கண்ணு, தோய்ந்த சட்டைன்னா ரத்தத்துல தோய்ஞ்ச மாதிரியில்ல இருக்குது? உங்கப்பா மழையில வந்தாரா, வெட்டுக்குத்துல இருந்து வந்தாரா?" என்றேன்.

"போங்கத்தை! இங்கிலீஷ்ல டேம்ப், சாகி, டிரென்ச்டு, மாய்ஸ்ட்னு எத்தனை வார்த்தை இருக்கு. தமிழ்ல ஈரத்தை விட்டா என்ன இருக்குது?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான், எனக்கே இதுவரை தோன்றாத ஒன்று பிடிபட்டது. தண்ணீர் எவ்வளவு பட்டது என்று மட்டும் நம் சொற்கள் சொல்வதில்லை. எதன் மேல் பட்டது, எந்த வழியாகப் போனது, எத்தனை நேரம் இருந்தது, அந்தப் பொருளை என்ன செய்தது என்றெல்லாம் சேர்த்தே சொல்கின்றன. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. பொருளைப் பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

என் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மழைக்காலத்தில் முறுக்கு நமத்துப் போகும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன்மேல் பட்டிருக்காது. தூக்குவாளியை மூடாமல் விட்டிருப்போம், அவ்வளவுதான். காற்றில் இருக்கிற ஈரத்தை முறுக்கு மெல்ல இழுத்துக்கொள்ளும். கடித்தால் 'நறுக்' என்று உடையாமல் ரப்பர் மாதிரி இழுக்கும். மொறுமொறுப்பாக இருந்த பொருள் காற்றை வாங்கியே தளர்ந்துபோவதற்குத்தான் நமத்தல் என்று பெயர். அப்பளம், பொரி, தீப்பெட்டி, பட்டாசு எல்லாம் நமக்கும். சட்டை நமக்காது, சாலை நமக்காது.

அதே முறுக்கைத் தண்ணீரில் போட்டால் அது நமத்தது ஆகாது, ஊறிப்போனது. ஊறுவதற்குத் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். உளுந்து ஊறும், புளி ஊறும், பருப்புவடை ரசத்தில் ஊறும். ஊறினால் பொருள் பருக்கும். நமத்த பொரியைச் சூடான வாணலியில் போட்டுப் புரட்டினால் மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும். ஊறிய பொரியை என்ன செய்தாலும் பழைய பொரியாக்க முடியாது. ஒன்று மீளும், மற்றது மீளாது. இந்த வித்தியாசம் கதை எழுதுகிறவருக்கு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணன் மகள் சொன்ன 'சாகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கு சாகி ஆனால் நமாக நமத்தது என்போம். பாலில் போட்ட ரொட்டி சாகி ஆனால் ஊறிப்போனது என்போம். மழை நின்ற பிறகு தெரு சாகியாக இருந்தால் சொதசொதவென்று கிடக்கிறது என்போம். அங்கே ஒரு சொல், இங்கே மூன்று. மாய்ஸ்ட் என்பதும் அப்படித்தான். கேக்குக்கு அது நல்ல குணம். அதே குணத்தை நாம் புட்டு மாவில் பார்க்கிறோம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதற்குப் பதம் என்று பெயர். பதம் என்றால் ஈரத்தின் அளவு மட்டுமில்லை, செய்யப்போகிற வேலைக்குச் சரியான அளவு. புட்டுக்கு ஒரு பதம், கொழுக்கட்டைக்கு ஒரு பதம், உழுவதற்கு மண்ணில் ஒரு பதம்.

இதையெல்லாம் கேட்டதும் அவள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏழு ஈரத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம்.

முதலில் சட்டை. சட்டை நனையும். எப்படி நனைந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. தோளும் முதுகும் மட்டும் நனைந்திருந்தால், அவர் மழை வலுத்ததும் எங்கேயோ ஒதுங்கி நின்றிருக்கிறார் என்று அர்த்தம். தொப்பலாக நனைந்து வந்தால், ஒதுங்காமல் வந்திருக்கிறார். சட்டை நுனியிலிருந்து இன்னும் சொட்டச் சொட்ட நிற்கிறார் என்றால், இப்போதுதான் உள்ளே நுழைந்தார். நனைந்து ரொம்ப நேரமாகி, உடம்புச் சூட்டிலேயே பாதி காய்ந்து நசநசவென்று இருந்தால், வெகு தூரம் வந்திருக்கிறார். "உங்கப்பா அன்னிக்கு எப்படி வந்தாரு?" என்று கேட்டேன். "தொப்பலா வந்தாருங்கத்தை. ஒதுங்கவேயில்ல" என்றாள். ஏன் ஒதுங்கவில்லை? மரம் நனைகிறதே என்ற பதைப்பு. பாருங்கள், ஒரு சொல் சரியாக விழுந்ததும் அப்பாவின் மனசும் கூடவே வந்துவிட்டது.

அடுத்தது தெரு. இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது, இது எத்தனையாவது நாள் மழை என்பதை. எங்கள் ஊருக்குத் தென்மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் காயும். மத்தியானத்துக்கு மேல் புழுக்கம் கூடும். சாயங்காலம் இடியும் மின்னலுமாக ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போய்விடும். ஐப்பசி பிறந்தால் கதை வேறு. நாள் முழுக்க நசநசவென்று தூறும் அடைமழை அது. புரட்டாசி மழைக்கு முந்திய காற்று புழுக்கமாக இருக்கும், மழை விட்டதும் சிலுசிலுவென்று மாறும். வடக்கிலிருந்து வருகிற வாடைக்காற்று ஐப்பசிக்கும் அப்புறம்தான். அதனால் 'ஈரக் காற்று வீசியது' என்று எழுதுவதைவிட, புழுக்கமா, சிலுசிலுப்பா, வாடையா என்று எழுதிவிட்டால் மாதமே தெரிந்துவிடும்.

முதல் நாள் மழையில் தெருவில் புழுதி அடங்கும், மண்வாசம் வரும். நாலைந்து நாள் விடாமல் பெய்தால்தான் தெரு சொதசொதவென்று ஆகும், வண்டித் தடத்தில் சகதி சேரும். வயற்காட்டில் இதை இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள். நிலம் உழுகிற அளவுக்கு உள்ளே நனைந்தால் அது உழவு மழை. மேல்மண் மட்டும் நனைந்தால் மழை பெய்ததாகவே கணக்கில் வைக்க மாட்டார்கள்.

மூன்றாவது தீப்பெட்டி. இது சந்தேகமில்லாமல் நமத்தல். பக்கவாட்டில் உரசுகிற பட்டை இளகிப்போகும், குச்சியை உரசினால் மருந்து உதிர்ந்து விழும். ஆனால் ஒரு மணி நேர மழைக்கு, வீட்டுக்குள் மாடத்தில் இருக்கிற தீப்பெட்டி அப்படி ஆகாது. சில நாளாவது மழைக்காற்று வீட்டுக்குள் நின்றிருக்க வேண்டும். ஆக, தீப்பெட்டி நமத்தது என்று எழுதினாலே, மழை இன்றைக்கு ஆரம்பித்ததில்லை என்று வாசகருக்குத் தெரிந்துபோகும்.

கதவும் அப்படித்தான். மரக்கதவு மழைக்காலத்தில் பருத்து, நிலையில் பிடித்துக்கொள்ளும். மரம் நீளவாக்கில் பருப்பது மிகக் குறைவு. அகலவாக்கில்தான் பருக்கும். அதனால்தான் கதவின் பக்கவாட்டு விளிம்பு உரசும். இதற்கும் பல நாள் வேண்டும். திடீர் மழையில் கதாநாயகி ஓடிவந்து, ஊறிப்போன கதவைத் தள்ள முடியாமல் நிற்கிறாள் என்று எழுதினால், மரவேலை தெரிந்தவர் அந்த இடத்திலேயே கதையை நம்பமாட்டார். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வாசகர்கள் அதிகம்.

நான்காவது திண்ணை. மழையோடு காற்றும் சேர்ந்தால் திண்ணையில் சாரல் அடிக்கும். வெளி விளிம்பு நனையும், சுவரோரம் காய்ந்திருக்கும். அது அரைமணியில் நடக்கிற காரியம். அதே திண்ணையின் சுவர் அடியிலிருந்து மேல்நோக்கிக் கறுத்து, சுண்ணாம்பு உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதற்கு ஓதம் என்று பெயர். ஓதம் தரையிலிருந்து ஏறுவது. மண்ணில் இருக்கிற தண்ணீரை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் இழுக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கறை சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே உயரத்தில் கோடு கட்டி நின்றால் ஓதம். மேலிருந்து கீழே ஒழுகிய மாதிரி இருந்தால் கூரைக் கசிவு. கதையில் ஓதம் ஏறிய சுவரைக் காட்டினால், அந்த வீட்டில் வருஷக்கணக்காகச் சுவரைக் கவனிக்கக் காசில்லை என்று நாம் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

ஐந்தாவது, வாசலில் கிடந்த மரக்கட்டை. கதையின் உயிரே அதில்தான் இருந்தது. அண்ணன் மகள் அதை 'ஈரமான மரக்கட்டை' என்று ஒரே வீச்சில் தாண்டிப் போயிருந்தாள்.

தம்மம்பட்டி மரச்சிற்பம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. சாமி சிலைகள், கோயில் வாகனங்கள், கதவு நிலைகள் எல்லாம் இங்கே செய்கிறார்கள். வாகை, தூங்குமூஞ்சி போன்ற மரங்களை இதற்கு எடுப்பார்கள். என் அண்ணனும் அந்த வேலைதான் செய்கிறார். கதையில் வருகிற சாயங்காலம் உண்மையிலேயே நடந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது.

அன்றைக்கு ஒரு சிலைக்கான ஆர்டர் கையில் இருந்தது. முன்பணமும் வாங்கியாகிவிட்டது. தை மாதத்தில் கொடுத்தாக வேண்டும். வாங்கி வந்த வாகைக் கட்டை வாசலில் கிடந்தது. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் மழை. கட்டையை விற்றவர், "மேலுக்கு மழை ஈரம்தான். நாலு நாள் நிழல்ல போட்டா காஞ்சுடும், உள்ளே நல்லா முத்திக் காஞ்ச மரம்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் கட்டையைப் பார்த்துவிட்டு, "இது ஈரமில்ல. பச்சை" என்றார்.

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் அந்த வருஷத்துச் சாப்பாடே இருந்தது.

மழையில் நனைந்த மரத்தில் தண்ணீர் வெளியிலிருந்து வந்தது. காய்ந்த கட்டைக்குள் ஒரு வார மழை அதிக ஆழம் போகாது. நிழலில், காற்றோட்டத்தில் வைத்தால் வந்த வழியே போய்விடும். பச்சை மரத்தில் இருப்பது மரம் உயிரோடு இருந்தபோது குடித்த தண்ணீர். உள்ளே ஒவ்வொரு நாரிலும் அது இருக்கிறது. பருமனான கட்டையாக இருந்தால் அது வெளியேற மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷங்களே ஆகும். அப்படி வெளியேறும்போது மரம் சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்பக்கம் இன்னும் பச்சையாக இருப்பதால் இடம் கொடுக்காது. அந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கும். பச்சை மரத்தில் உளி சுகமாக ஓடும், சிலையும் சீக்கிரம் முடிந்துவிடும். கொண்டுபோய்க் கொடுத்த மூன்றாவது மாதம் சாமியின் நெற்றியிலிருந்து மார்பு வரை ஒரு கோடு விழும். அதற்கப்புறம் அந்தக் கோயில்காரர் இந்த வாசலை மிதிப்பாரா?

இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? நனைந்த மரம் வெளியே கறுத்திருக்கும். ஒரு விரல் ஆழத்துக்கு உளியால் செதுக்கினால் உள்ளே வெளுப்பாக, காய்ந்து இருக்கும். சில்லை வளைத்தால் பட்டென்று முறியும். பச்சை மரத்தில் எவ்வளவு உள்ளே போனாலும் கைக்குச் சில்லென்றே இருக்கும், சில்லு முறியாமல் வளையும். மரத்தூளைக் கையில் பிடித்தால் உருண்டையாகப் பிடிபடும். சுத்தியால் தட்டினால் கணீர் என்று கேட்காது, மொத்தென்று கேட்கும். ஆனால் கட்டையின் இரண்டு முனைகளையும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மரத்துக்குள் தண்ணீர் நாரின் போக்கிலேயே ஓடுவதால் முனைகள் எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அங்கே வெடிப்பும் விட்டிருக்கும். அதைப் பார்த்து 'காய்ந்த மரம்' என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

வியாபாரி விடாமல் வாதாடியதால் அண்ணன் ஒரு காரியம் செய்தார். கட்டையின் நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்து எடுத்தார். மளிகைக்கடைத் தராசில் நிறுத்தபோது 160 கிராம். அதை மெல்லிய சில்லுகளாகப் பிளந்து, ஒன்றும் சிதறாமல், கருகவும் விடாமல், தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். நடுநடுவே நிறுத்துப் பார்த்தார். எடை இனிமேல் குறையவில்லை என்றபோது 100 கிராம் நின்றது. அதாவது 100 பங்கு மரத்துக்கு 60 பங்கு தண்ணீர். மழைக்காலம் வெயில்காலம் எல்லாம் பார்த்து நம் பக்கத்தில் நன்றாகக் காய்ந்த மரத்தில் சுமாராக 12 பங்கு இருக்கும். ஏறக்குறைய 30 பங்குக்கு மேலே இருக்கிற வரை மரம் தண்ணீரை இழக்குமே தவிர சுருங்காது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கும். இந்தக் கட்டை இன்னும் சுருங்கவே தொடங்கவில்லை என்று அர்த்தம். கோளாறெல்லாம் இனிமேல்தான் இருக்கிறது.

பெரிய உருவங்களைப் பச்சையிலேயே தோராயமாகத் தட்டி, ஆறப்போட்டு, காய்ந்த பிறகு நகாசு வேலை செய்வதும் உண்டு. ஆனால் அதற்கு நாள் வேண்டும். தை மாதத்துக்கு அது ஆகாது. அண்ணன் ஆர்டர் கொடுத்தவரிடம் உள்ளதைச் சொன்னார். அவர் காத்திருக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அண்ணியின் வளையல் அடகுக்குப் போனது. கட்டை இரண்டு வருஷம் கொட்டகை நிழலில் கிடந்தது. பின்னாளில் அதில் செய்த சிலையில் ஒரு மயிர்க்கோடுகூட விழவில்லை.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே புரியலைங்கத்தை" என்றாள் அண்ணன் மகள். "அப்பா பச்சைன்னு சொன்னதும், கலரைச் சொல்றாருன்னு நெனைச்சு எட்டி எட்டிப் பாத்தேன். கட்டை கறுப்பாத்தான் இருந்துச்சு. பெரியவங்க எதுக்கு இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறாங்கன்னு தெரியல."

"இதை ஏன் கண்ணு கதையில எழுதல?" என்றேன்.

சொல்லப்போனால், மழைக்கால மாலையில் கதை தொடங்குவது நமக்குப் புதிதே இல்லை. காரும் மாலையும் முல்லைத்திணைக்கு உரிய பொழுது என்று தொல்காப்பியமே வகுத்து வைத்திருக்கிறது. பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் மழையோடுதான் ஆரம்பிக்கின்றன. நெடுநல்வாடையில் நக்கீரர் செய்திருப்பதை எங்கள் தமிழ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஊர் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதை அவர் அங்கே இருக்கிறவர்கள் செய்வதையும் செய்யாமல் விட்டதையும் வைத்தே காட்டுகிறார். மாடு மேய்க்கிறவர்கள் நெருப்பைச் சுற்றிக் கூடிக் குளிர் காய்கிறார்கள். சந்தனம் அரைக்கிற கல் வேலையில்லாமல் கிடக்கிறது. விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. வானம் இருட்டிக் கிடப்பதால் பொழுது தெரியாமல், தட்டில் வைத்த பிச்சி அரும்பு மலர்ந்து மணப்பதை வைத்துத்தான் பெண்கள் மாலையாகிவிட்டது என்று அறிந்து விளக்கு ஏற்றுகிறார்கள். விசிறியில் நூலாம்படை கட்ட எத்தனை நாள் ஆகும்? மழை தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பதை அந்த விசிறியே சொல்லிவிடுகிறது. எங்கள் கதையில் தீப்பெட்டி செய்கிற வேலையும் அதேதான்.

கடைசியாக மிச்சம் இருந்தது மனசின் ஈரம். "அதை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். எடுக்க வேண்டாம், ஆனால் முதல் பத்தியில் வேண்டாம் என்றேன். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று நாம் ஒருவரைச் சொல்கிறோமே, அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லும் நிற்காது. மனசு நனைவது வேறு, மனசில் ஈரம் இருப்பது வேறு. அந்தச் சொல்லைத் தெருவுக்கும் சட்டைக்கும் செலவழித்துவிட்டால், அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுக்கிற இடத்தில் அது செல்லாக்காசாகிவிடும். அங்கே ஒரே ஒரு முறை வரட்டும்.

அவள் எழுதி முடித்த பத்தி இது:

"ஆறு நாளாகச் சாயங்காலமானால் மழை. அன்றைக்கும் பெய்து ஓய்ந்திருந்தது. அம்மா மூன்றாவது குச்சியையும் உரசிப் பார்த்தாள். பெட்டி நமத்துப் போயிருந்தது. திண்ணையில் பாதிவரை சாரல் அடித்திருந்ததால் நான் சுவரோரம் ஒண்டி உட்கார்ந்திருந்தேன். அப்பா தொப்பலாக வந்தார். தலையைக்கூடத் துவட்டவில்லை. வாசலில் கிடந்த வாகைக் கட்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, உளியால் ஒரு சில்லு எடுத்து விரலால் வளைத்தார். அது முறியவில்லை. 'பச்சையா இருக்குது' என்றார். நான் எட்டிப் பார்த்தேன். கட்டை கறுப்பாகத்தான் இருந்தது."

ஈரம் என்ற சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை. எனக்கென்னவோ, படித்து முடித்ததும் முந்தானையைப் பிழிய வேண்டும் போலிருந்தது.

அண்ணனிடமும் படித்துக் காட்டினாள். அவர் கதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும் உளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சில்லை எந்த இடத்துல எடுத்தேன்னு போடலையே, பாப்பா? முனையில எடுத்தா ஒண்ணும் தெரியாது. நடுவுல எடுத்தாருன்னு எழுது" என்றார்.

அவள் அங்கேயே நின்று, 'ஒரு சில்லு' என்பதற்கு முன்னால் 'நடுவிலிருந்து' என்று சேர்த்துக்கொண்டாள்.